இருநூறு ரூபா வித்தியாசம்: கையளிக்கும் முன் பாதீட்டைச் சரிபார்த்தல்

வன்னியில் ஒரு பாதீடு பல கைகளைக் கடந்துதான் மேசைக்குப் போய்ச் சேருகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் கொப்பியில் பென்சிலால் கணக்குப் போடுவார். கணினி தெரிந்த ஒரு பிள்ளை அதை எக்செல்லில் ஏற்றுவாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கட்டட வேலைக்கான அளவுகளை மாற்றித் தருவார். தொண்டு நிறுவனத்தின் களப் பணியாளர் தலைப்புகளைத் தங்கள் படிவத்துக்கு ஏற்பத் திருத்துவார். நடுவில் கோப்பு நான்கைந்து முறை வட்ஸ்அப்பில் போய் வந்துவிடும். கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும் வவுனியாவானாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றம் இந்த வேலையைக் கச்சேரியிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுவந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, பயனாளியின் கைக்கே தவணைகளாக வந்தது. எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து, எத்தனை நாள் மேசன் கூலி என்று குடும்பங்களே கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் சிறு வேலைகளுக்கான மதிப்பீடுகளோடு பழகின. இன்று அதே சங்கங்கள் கொடையாளருக்கு முன்மொழிவு எழுதுகின்றன. பெரும்பாலும் அவை புதிதாகத் தொடங்குவதில்லை. போன முறை வென்ற கோப்பைத் திறந்து, பெயரையும் திகதியையும் தொகைகளையும் மாற்றுகின்றன. நேரம் மிச்சம்தான். ஆனால் பழைய கோப்பில் இருந்த சூத்திரங்களும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன.

இத்தகைய பிழைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பாங்கோ. நடைமுறையில் இருந்த விரிதாள்களைக் கவனமாகச் சோதித்த ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தார். பெரும்பாலான தாள்களில் ஒரு பிழையாவது இருந்தது. பிழைவிட்டவர்கள் அனுபவமற்றவர்கள் மட்டுமல்லர். பிழை தேடும் திறனையும் அவர் பரிசோதித்தார். தனியாகத் தேடியவர்கள் உள்ளிருந்த பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கண்டார்கள். குழுவாகத் தேடியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கண்டார்கள். எத்தனை பேர் பார்த்தாலும் கொஞ்சம் மிஞ்சும் என்பதே இதன் பொருள். ஆகவே "நான் பார்த்துவிட்டேன், சரி" என்ற சொல்லை மட்டும் நம்பி ஒரு பாதீட்டை அனுப்ப முடியாது. எந்த வழியால் பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

பாதீட்டுப் பிழைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கூட்டுத்தொகை பொருந்தாமை, முழுமையாக்கலால் வரும் வித்தியாசம், சூத்திரத்துக்குள் மறைந்த பிழை. மூன்றும் சமமான ஆபத்தல்ல. முதலாவது தானே காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது எவ்வளவு வரலாம் என்பதற்கு எல்லை உண்டு. மூன்றாவது மற்ற இரண்டின் உடையைப் போட்டுக்கொண்டு வரும். ஒரு பாதீட்டை எடுத்து வரிவரியாகப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்த தாள். விலைகளும் கணக்குக்காக எடுத்தவையே, சந்தை விலைகள் அல்ல.

ஒரு மாதர் சங்கம் மிளகாயும் அரிசிமாவும் அரைத்துப் பொதியிடும் நிலையம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறது. தாளில் D நிரலில் அளவு, E நிரலில் வீதம், F நிரலில் தொகை. 5ஆம் வரியில் அரைவை இயந்திரம் 420,000 ரூபா. அடுத்து, பொதி ஒட்டும் கருவி இரண்டு 37,000. தராசு இரண்டு 28,500. மூன்றும் சேர்ந்து 485,500. அதன் மேல் 18 வீத வற் வரி 87,390. இனிப் பழைய கட்டடத்தைத் திருத்தும் செலவு. மணல் 8.5, வீதம் 24,000, தொகை 204,000. சீமெந்து 40 பை 84,000. மேசன் கூலி 130,000. பிறகு இரண்டு பணியாளருக்கு மாதம் 35,000 வீதம் ஓராண்டுச் சம்பளம் 840,000. அதற்கான ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியப் பங்களிப்பு 13ஆம் வரியில். பயிற்சி 60,000. கடைசியாக 15ஆம் வரியில் போக்குவரத்து 25,000. அதற்குக் கீழே கூட்டுத்தொகை:

```
=SUM(F5:F15)
```

தாள் காட்டும் தொகை 2,042,090. பொருளாளரின் கொப்பியில் 2,041,890. வித்தியாசம் 200 ரூபா.

கையளிக்கும் நாள் நெருங்கும்போது இந்த 200 ரூபாவுக்கு ஒரே விளக்கம்தான் வாயில் வரும்: "அது ரவுண்டிங்". இருபது இலட்சத்தில் இருநூறு என்ன பெரிய காசு? யாராவது கொப்பித் தொகையை அழித்துக் கணினித் தொகையை எழுதிவிடுவார்கள். கணினி பிழைவிடாது என்ற எண்ணமும் அதற்குத் துணை நிற்கும்.

உண்மையில் முழுமையாக்கல் எவ்வளவு வித்தியாசம் தர முடியும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு தொகையை முழு ரூபாவாக்கும்போது அதிகபட்சம் 50 சதம் கூடும் அல்லது குறையும். பதினொரு வரிகளையும் அப்படி முழுமையாக்கினாலும் மொத்த வித்தியாசம் ஐந்தரை ரூபாவைத் தாண்டாது. நம் தாளில் எந்த வரியிலும் பின்னமே எழவில்லை. வற் வரி கூட முழு ரூபாவாகவே வருகிறது. ஆகவே 200 ரூபாவில் ஒரு சதமும் முழுமையாக்கலால் வந்ததல்ல.

இந்த எல்லைக்கு ஒரு விலக்கு உண்டு, அது முக்கியமானது. பெருக்கிய பிறகு தொகையை முழுமையாக்கினால் மட்டுமே அரை ரூபா விதி பொருந்தும். வீதத்தை முதலில் முழுமையாக்கிவிட்டுப் பெருக்கினால் விதி உடைந்துவிடும். ஒரு பொதியுறை 12 ரூபா 47 சதம் என்பதை 12 என்று எழுதி 5,000 பொதியுறைக்குப் பெருக்கினால், அந்த 47 சதம் 2,350 ரூபாவாகிவிடும். தாளில் சதத் தானங்களை மறைத்து வைத்திருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். திரையில் 12 தெரியும், உள்ளே 12.47 இருக்கும். தாளை அச்சிட்டுக் கையால் பெருக்கிப் பார்க்கும் அலுவலருக்கு விடை பொருந்தாது. காட்சியை மாற்றுவது வேறு, மதிப்பை மாற்றுவது வேறு. முழு ரூபாதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு தொகை வரியிலும் `=ROUND(D5*E5,0)` என்று எழுதி, அந்த முழுத் தொகைகளையே கூட்ட வேண்டும்.

டொலரிலோ யூரோவிலோ பாதீடு கேட்கும் கொடையாளரிடம் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். டொலருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், 100,000 ரூபா வரி ஒவ்வொன்றும் 333 டொலர். மூன்று வரி சேர்ந்து 999. ஆனால் 300,000 ரூபாவை ஒரேயடியாக மாற்றினால் 1,000. இரண்டுமே பிழையில்லை. முதற்பக்கச் சுருக்கத்தில் 1,000 என்றும் உள்ளே 999 என்றும் இருப்பதுதான் பிழை. வரிகளின் கூட்டுத்தொகையே பாதீட்டுத் தொகை என்று முடிவெடுத்து, சுருக்கத்தையும் அதிலிருந்தே எடுப்பது நல்லது. படிக்கிறவர் வரிகளைத்தான் கூட்டிப் பார்ப்பார்.

முழுமையாக்கலை ஒருபோதும் அற்பமாக எண்ணக் கூடாது என்பதற்குக் கனடாவில் நடந்த கதை ஒன்று உண்டு. வன்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1,000 புள்ளியில் ஒரு சுட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்குப் பிறகும் அதைத் திரும்பக் கணித்தார்கள். மூன்றாம் தசமத் தானத்துக்குப் பின் வந்ததை முழுமையாக்காமல் வெட்டிவிட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை, ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கி மட்டும். 1983 நவம்பரில் சுட்டெண் 520 அளவில் நின்றது. சரியாகக் கணித்தபோது அது 1,098ஐத் தாண்டியிருந்தது. மேலும் கீழுமாக வரும் முழுமையாக்கல் பெரும்பாலும் தன்னைத் தானே சமன்செய்துவிடும். ஒரே பக்கம் சாயும் வெட்டல் சேர்ந்துகொண்டே போகும். பாதீட்டில் எல்லா வரியும் மேல்நோக்கியே முழுமையாக்கப்பட்டிருந்தால் அதைப் பரிசீலிப்பவர் சந்தேகிப்பதும் இதனால்தான்.

நம் 200 ரூபாவுக்குத் திரும்புவோம். பழைய கணக்கப்பிள்ளைகள் வித்தியாசத்தை வைத்தே பிழையின் சாடையை ஊகிப்பார்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 41,000ஐ 14,000 என்று எழுதினால் வித்தியாசம் 27,000, அது 9ஆல் வகுபடும். வித்தியாசம் ஏதாவது ஒரு வரியின் தொகைக்கே சமமென்றால் அந்த வரி விடுபட்டிருக்கும் அல்லது இரு முறை கூட்டப்பட்டிருக்கும். 200 என்பது 9ஆல் வகுபடாது. அந்தத் தொகையில் ஒரு வரியும் இல்லை. அப்படியானால் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் ஒன்றையொன்று தின்றிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். சிறிய வித்தியாசத்துக்கு நான் பெரிய வித்தியாசத்தை விட அதிகம் அஞ்சுவது இதற்காகத்தான்.

இனிச் சூத்திரங்களைத் திறக்க வேண்டும். கணினியில் Ctrl விசையோடு ` விசையை அழுத்தினால் எண்களுக்குப் பதில் சூத்திரங்கள் தெரியும். கைபேசியில் கோப்பைப் பார்ப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது. இந்த வேலைக்காவது ஒரு கணினியைத் தேடிப் பிடிக்க வேண்டும். F நிரலை மேலிருந்து கீழே வாசித்துப் போனால் `=D5*E5`, `=D6*E6` என்று ஒரே அச்சில் வரும். அந்த அச்சு முறியும் இடங்களில்தான் நிற்க வேண்டும். நம் தாளில் நிற்க வேண்டிய இடங்கள் மூன்று:

```
F8   =SUM(F5:F7)*0.18
F13  =F12*0.18
F15  25,000/=
```

எட்டாவது வரி சரி. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். பதின்மூன்றாவது வரிதான் பிழை. தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். மொத்தம் 15. அது எப்படி 18 ஆனது? இந்தக் கோப்பு 2023இல் செய்ததன் பிரதி. அப்போது வற் வரி 15 வீதம். புதிய வீதத்துக்கு மாற்றியவர் ஒவ்வொன்றாகத் தேடாமல், 0.15ஐ எல்லா இடத்திலும் 0.18 ஆக்கும்படி கணினிக்குச் சொல்லிவிட்டார். இரண்டு வேறு சட்டங்களிலிருந்து வந்த வீதங்கள் தற்செயலாக ஒரே எண்ணாக இருந்தன. வரி மாறியபோது சேமலாப நிதியும் சேர்ந்து மாறிவிட்டது. 126,000 இருக்க வேண்டிய இடத்தில் 151,200. கூடுதல் 25,200.

சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதே என்று பயிற்சிகளில் சொல்வார்கள். ஏன் என்பது இப்படியொரு வரியைப் பார்த்த பிறகுதான் உறைக்கும். தாளின் தலைப்பில் B2இல் வற், B3இல் சேமலாப நிதி, B4இல் நம்பிக்கை நிதியம் என்று பெயரோடு எழுதி, சூத்திரத்தில் `=F12*($B$3+$B$4)` என்று போட்டால் இந்த விபத்து நடக்காது. டொலர்க் குறியை மறந்தால் வேறு விபத்து நடக்கும். சூத்திரத்தைக் கீழே பிரதி செய்யும்போது அது வேறு கட்டத்தைச் சுட்டும். அங்கே எதுவும் இல்லாவிட்டால் விடை பூச்சியம். கணக்கு வடிவமைப்பில் பூச்சியம் ஒரு சிறு கோடாகத்தான் தெரியும், அச்சில் எவர் கண்ணிலும் படாது.

பதினைந்தாவது வரி நம் ஊர்ப் பிழை. இலங்கையில் தொகைக்குப் பின்னால் /= போடுவது கை எழுத்துக் காலத்துப் பழக்கம், சிட்டையிலும் காசோலையிலும் அப்படித்தான் எழுதுகிறோம். போக்குவரத்துச் செலவைக் கடைசி நேரத்தில் சேர்த்தவர் 25,000/= என்றே தட்டச்சுச் செய்திருக்கிறார். கணினிக்கு அது எண்ணல்ல, எழுத்து. SUM எழுத்தைப் பேசாமல் தாண்டிப் போகும். எச்சரிக்காது, பிழை என்றும் காட்டாது. வரி தாளில் இருக்கிறது, மொத்தத்தில் இல்லை. "ரூ." சேர்த்து எழுதினாலும், செய்தியிலிருந்து பிரதி செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். எழுத்தாக உள்ள எண் இயல்பாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆனால் யாராவது நிரல் முழுவதையும் வலப்பக்கம் சீராக்கியிருந்தால் அந்த அடையாளமும் போய்விடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி இது:

```
=COUNTA(F5:F15)-COUNT(F5:F15)
```

முதலாவது நிரம்பிய கட்டங்களை எண்ணுகிறது, இரண்டாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணுகிறது. விடை பூச்சியமாக இருக்க வேண்டும். நம் தாளில் 1 வரும்.

கூடுதல் 25,200. குறைவு 25,000. மிஞ்சியது 200. கொப்பிக் கணக்குதான் சரி என்று இப்போது தெரிகிறது. பொருளாளர் ஒவ்வொரு தொகையையும் தானே கணித்து எழுதியதால், கணினி நடந்த வழியில் அவர் நடக்கவில்லை. அவர் அந்தத் தாளையே அச்சிட்டு, அச்சில் உள்ள தொகைகளைக் கணிப்பானில் கூட்டியிருந்தால் போக்குவரத்து விடுபட்டதைக் கண்டிருப்பார். 151,200 பிழை என்பதைக் கண்டிருக்கவே மாட்டார். கணினி தந்த எண்களைக் கணிப்பானால் கூட்டுவது கூட்டலை மட்டுமே சோதிக்கும்.

கூட்டல் எல்லையும் தனியே பார்க்க வேண்டிய ஒன்று. கடைசி வரிக்குக் கீழே புதிய வரி சேர்த்தால் SUM சில வேளை தானாக நீளும், சில வேளை நீளாது. எது நடக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லாதபடி, மொத்தத்துக்கு மேலே ஒரு வெறும் வரியை விட்டு, அதையும் எல்லைக்குள் சேர்த்துவிடுவது நல்லது. உலகறிந்த உதாரணம் பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கெனத் ரொகோவ் 2010இல் வெளியிட்ட கட்டுரை. அரச கடன் மிகும்போது நாடுகளின் வளர்ச்சி சரிகிறது என்ற அவர்களது முடிவைப் பல அரசுகளின் சிக்கன வாதங்கள் மேற்கோள் காட்டின. மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தோமஸ் ஹேர்ன்டன் அவர்களது தாளை வாங்கித் திறந்தபோது, சராசரிச் சூத்திரம் 49ஆம் வரிவரை போக வேண்டியது 44இல் நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் வெளியே. அவரும் அவரது ஆசிரியர்களும் 2013இல் அதை வெளியிட்டார்கள். விடையைப் பெரிதும் மாற்றியது அந்த ஐந்து வரிகளல்ல. எந்தத் தரவைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற தெரிவுகளே கூடிய மாற்றத்தைத் தந்தன. ஆனால் செய்திகளில் நின்றது எக்செல் பிழைதான். பாதீட்டுப் பரிசீலனையிலும் இதே மனநிலை உண்டு. சின்னக் கூட்டல் பிழை ஒன்று தெரிந்தால் போதும், மற்ற எண்களையும் நம்பத் தயங்குவார்கள்.

திருத்தியபின் கொப்பியிலும் தாளிலும் 2,041,890. இரண்டும் பொருந்துகின்றன. இன்னும் பிழை இருக்கிறது.

மணல் வரியைப் பாருங்கள்: 8.5, வீதம் 24,000. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு கன மீற்றரில் வரும். மணல்காரர் விலை சொல்வது கியூபுக்கு. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். 8.5 கன மீற்றர் என்பது ஏறத்தாழ மூன்று கியூப், 72,000 ரூபா. தாளில் உள்ளதோ 204,000. கொப்பியிலும் அதுவே, ஏனென்றால் இருவருக்கும் எண் வந்தது ஒரே துண்டுக் கடதாசியிலிருந்து. சூத்திரம் சரி, பெருக்கல் சரி, கூட்டல் சரி, 132,000 ரூபா பிழை. எந்தக் கூட்டலும் இதைக் காட்டாது. அளவுக்குப் பக்கத்தில் அலகு என்று ஒரு நிரலும், வீதத்துக்குப் பக்கத்தில் அது எந்த அலகுக்கு என்று இன்னொரு நிரலும் இருந்தால் காட்டியிருக்கும். அல்லது தாளை ஒரு மேசனிடம் கொடுத்திருக்கலாம். நாற்பது பை சீமெந்துக்கு வேண்டிய மணல், சீமெந்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலையா என்று அவர் கேட்டிருப்பார். கணக்குத் தெரியாமல் பொருள் தெரிந்த ஒருவர் பாதீட்டை வாசிப்பதை நான் எந்தச் சூத்திரச் சோதனைக்கும் மேலாக வைப்பேன். இயந்திரத்தின் விலைமனுவில் வற் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பதும் இப்படிப்பட்ட கேள்விதான். தாள் அதற்கும் விடை சொல்லாது.

சரியான தொகை 1,909,890. இனி அது எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். முகப்புக் கடிதத்தில், சுருக்கப் பக்கத்தில், முன்மொழிவின் நடுவில் ஒரு வாக்கியத்தில், சங்கத்தின் கூட்ட அறிக்கையில், படிவத்தில் எழுத்தால் எழுதும் கோட்டின் மேல். தாளைத் திருத்தினால் இவை தாமாகத் திருந்துவதில்லை. எழுத்தில் "இருபது இலட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு" என்று பழையதே நின்றுகொண்டிருக்கும்.

கேள்விப்பத்திரம் என்றால் இது வெறும் அழகுப் பிரச்சினையல்ல. வேலைகளுக்கான வழக்கமான கேள்வி நிபந்தனைகளின்படி, எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண்பாடு இருந்தால் எழுத்தே செல்லும். அலகு வீதத்துக்கும் வரித் தொகைக்கும் முரண்பாடு என்றால் அலகு வீதமே செல்லும். தசமப் புள்ளி இடம் மாறியது வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும் வரித் தொகையை எடுப்பார்கள். அவர்கள் செய்யும் திருத்தத்தை ஏற்காவிட்டால் கேள்வி நிராகரிக்கப்படும். மொத்தத்தைச் சரியாக எழுதி வீதத்தைத் தவறாக எழுதியவர் அந்த வீதத்துக்கே கட்டுப்படுவார். கொடையாளருக்குப் போகும் முன்மொழிவுக்கு இப்படி எழுதிய விதி பெரும்பாலும் இருக்காது. அங்கே முரண்பட்ட இரண்டு தொகைகளில் எது என்று அவர்களே கேட்டு எழுதுவார்கள், அல்லது கேட்காமலே அடுத்த கோவையை எடுப்பார்கள்.

கடைசிச் சோதனை, அனுப்பப் போகும் பிடிஎப் பிரதியில். கூட்டுத்தொகை வரி அடுத்த பக்கத்துக்குப் போய்த் தனியே நிற்கிறதா, நிரல் ஒடுங்கியதால் தொகைக்குப் பதில் ##### விழுந்திருக்கிறதா, மறைத்து வைத்த வரிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். மறைத்த வரியை SUM கூட்டும், அச்சு காட்டாது. வாசிப்பவர் தெரிகிற வரிகளைக் கூட்டினால் மொத்தம் குறையும். பழைய கோப்பில் வேறொரு திட்டத்துக்காக யாரோ மறைத்து வைத்த வரி ஒன்று அப்படியே வந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எக்செல் தாளில் இடப்பக்க வரி எண்களை வாசித்தாலே போதும்: 11க்கு அடுத்து 13 வந்தால் 12ஆம் வரியைத் திறந்து பார்க்க வேண்டும்.